ஊழியர் பட்டியலும் சம்பளப் பட்டியலும்: எக்செலில் ஒத்துப் பார்ப்பது எப்படி?

ஓர் ஊழியரைப் பற்றிய விவரம் நிறுவனத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சேர்ந்த நாள், பிரிவு, நிர்ணயித்த சம்பளம் ஆகியவை மனிதவளப் பிரிவின் கோப்பில் இருக்கும். மாதாமாதம் வங்கிக்குப் போகும் தொகை கணக்குப் பிரிவின் கோப்பில் இருக்கும். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாட்களில் திருத்துகிறார்கள். சில மாதங்கள் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். வேலையை விட்டுப் போனவருக்குச் சம்பளம் போய்க்கொண்டே இருப்பதும், இன்கிரிமென்ட் ஆணை வந்த பிறகும் பழைய தொகையே வருவதும் இந்த விலகலால்தான். எக்செலில் தேடல் ஃபார்முலாக்களை வைத்து இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்த்தால் இவை வெளியே வந்துவிடும். ஆனால் ஃபார்முலா காட்டும் எல்லா வேறுபாடும் உண்மையான வேறுபாடு அல்ல; உண்மையான வேறுபாடு எல்லாவற்றையும் அது காட்டிவிடுவதும் இல்லை. வேலையின் நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நடுத்தரத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளலாம். அதன் எக்செல் கோப்பில் இரண்டு ஷீட்டுகள். `HR` என்ற ஷீட்டில் 212 ஊழியர்கள்; A நெடுவரிசையில் ஊழியர் எண், B-யில் பெயர், C-யில் பிரிவு, D-யில் அடிப்படைச் சம்பளம். `PAY` என்ற ஷீட்டில் 213 வரிசைகள். A-யில் ஊழியர் எண், B-யில் பெயர், C-யில் அடிப்படைச் சம்பளம், D-யில் வங்கிக் கணக்கு எண். இரண்டிலும் முதல் வரிசை தலைப்பு. இரண்டு பட்டியலும் ஒரே தேதியின் நிலவரமாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஒன்று 25ஆம் தேதி எடுத்தது, இன்னொன்று மாதக் கடைசியில் எடுத்தது என்றால், இடைப்பட்ட நாட்களில் சேர்ந்தவர்களும் போனவர்களும் வீணாகப் பிழைப் பட்டியலில் வந்து நிற்பார்கள்.

எதை வைத்துப் பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. பெயரை வைத்துப் பொருத்தக் கூடாது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு ஷீட்டில் முன்னால் இருக்கும், மற்றதில் பின்னால் இருக்கும்; புள்ளி இருக்கும், இருக்காது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் லட்சுமி என்ற ஒரு பெயரையே நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதும் சாதாரணம். ஊழியர் எண் மட்டுமே ஆளுக்கு ஒன்று. அதனால் பொருத்துவதற்கு எண், சரிபார்ப்பதற்குப் பெயர்.

பெரும்பாலானவர்கள் தொடங்குவது VLOOKUP-இல். `HR` ஷீட்டில் காலியாக உள்ள நெடுவரிசை ஒன்றில், இரண்டாம் வரிசையில் இப்படி எழுதி, கடைசி வரை இழுத்துவிடுவார்கள்:

```
=VLOOKUP(A2,PAY!$A$2:$C$214,3,FALSE)
```

A2-இல் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு, `PAY` ஷீட்டில் A2 முதல் C214 வரையுள்ள பகுதியின் முதல் நெடுவரிசையில் தேடு. கிடைத்தால் அதே வரிசையில் மூன்றாம் நெடுவரிசையில் இருப்பதைக் கொண்டு வா என்பது இதன் பொருள். டாலர் குறிகள், ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது தேடும் பகுதியும் சேர்ந்து கீழே நகர்ந்துவிடாமல் பிடித்து வைக்கின்றன. அவை இல்லாவிட்டால் நூறாவது ஊழியரைத் தேடும்போது `PAY` ஷீட்டின் முதல் 99 பேர் தேடலுக்கு வெளியே போயிருப்பார்கள்.

கடைசியில் உள்ள `FALSE` என்ற சொல்தான் மிக முக்கியம். அதை எழுதாமல் விட்டால் எக்செல் துல்லியமான பொருத்தத்தைத் தேடாது; பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, கேட்ட எண் இல்லையென்றால் அதற்கு முந்தைய எண்ணுக்கு உரியதைக் கொடுத்துவிடும். 0512 என்ற எண்ணில் புதிதாகச் சேர்ந்தவர் சம்பளப் பட்டியலில் இல்லை. பட்டியலின் கடைசி எண் 0511 என்று வைத்துக்கொண்டால், 0511-க்கு உரியவரின் சம்பளம் 0512-க்கு நேராக வந்து உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பிழை என்று சொல்லாமல் வரும் தவறான விடை, `#N/A` என்று வரும் விடையைவிடப் பல மடங்கு ஆபத்தானது. பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் விடை இன்னும் தாறுமாறாகப் போகும்.

`FALSE` சேர்த்து ஓட்டியபோது, நம் தொழிற்சாலையின் 212 பேரில் 31 பேருக்கு `#N/A` வருகிறது. தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். 31 பேருக்குச் சம்பளமே போகவில்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. அப்படி நடந்திருந்தால் அந்த 31 பேரும் அலுவலகத்தில் வந்து நின்றிருப்பார்கள்.

அவர்களில் ஒருவரின் எண் 0457. `PAY` ஷீட்டிலும் 0457 என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, 90ஆம் வரிசையில். `HR`-இல் அவர் இருப்பது 88ஆம் வரிசை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துக் கேட்டால் காரணம் தெரிந்துவிடும்:

```
=A88=PAY!A90
=ISTEXT(A88)
=ISTEXT(PAY!A90)
=LEN(PAY!A90)
```

முதல் வரிக்கு விடை `FALSE`. இரண்டும் சமம் இல்லை என்கிறது எக்செல். இரண்டாவதற்கு `TRUE`, `HR`-இல் உள்ள 0457 எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதற்கு `FALSE`, `PAY`-இல் இருப்பது எண். நான்காவது 3 என்று காட்டுகிறது. உள்ளே இருப்பது 457 என்ற மூன்று இலக்கங்கள்தான். செல்லுக்கு `0000` என்ற வடிவம் கொடுக்கப்பட்டிருப்பதால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்து 0457 என்று தெரிகிறது, அவ்வளவே. எக்செல் ஒப்பிடுவது திரையில் தெரிவதை அல்ல, செல்லுக்குள் இருப்பதை. வழக்கமாக எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் யாராவது அழகுக்காக நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தால் அந்தத் தடயமும் போய்விடும்.

செல்லின் வடிவத்தை எழுத்து என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் மதிப்பு அப்படியேதான் இருக்கும். மறுபடி தட்டச்சு செய்தால்தான் மாறும். எழுத்தாக உள்ள எண்களின் மூலையில் எக்செல் காட்டும் சிறு பச்சை முக்கோணத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிடுவதும் இங்கே தவறு. ஊழியர் எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. முன்னால் உள்ள பூஜ்யமும் அதில் ஒரு பகுதி. அது எழுத்தாக இருப்பதே சரி.

31 பேரில் 26 பேரின் கதை இதுதான். இன்னும் இரண்டு பேர் விஷயத்தில் எழுத்து, எண் குழப்பம் இல்லை. ஆனால் `LEN` நாலுக்குப் பதில் ஐந்து என்கிறது. எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கு அது சாதாரண இடைவெளி. `TRIM` என்ற ஃபார்முலா அதை வெட்டிவிடும். மற்றவருக்கு `TRIM` போட்டும் போகவில்லை. இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது வருகிற வேறு வகை இடைவெளி அது; அதன் குறியீட்டு எண் 160. முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றி, பிறகு வெட்ட வேண்டும்.

இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவது வீண் வேலை; அடுத்த மாதம் மறுபடியும் வரும். இரண்டு ஷீட்டிலும் E நெடுவரிசையை இதற்கென்றே ஒதுக்கி, ஒரே ஃபார்முலாவை இரண்டிலும் போட்டுவிடுவது நல்ல வழி:

```
=TEXT(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")),"0000")
```

உள்ளிருந்து வெளியே படித்தால் இது எளிது. பிடிவாதமான இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்குகிறது, ஓரத்து இடைவெளிகளை வெட்டுகிறது, கடைசியில் நாலு இலக்க எழுத்தாக மாற்றுகிறது. 457 என்ற எண்ணாக இருந்தாலும் 0457 என்ற எழுத்தாக இருந்தாலும் E நெடுவரிசையில் 0457 என்ற எழுத்தாகவே வரும். மூலப் பட்டியலில் கை வைக்கவில்லை என்பதும் இதில் ஒரு நன்மை. எங்கே தவறு இருந்தது என்பதைப் பிறகு காட்ட முடியும்.

இப்போது தேட வேண்டியது E நெடுவரிசையில். கொண்டு வர வேண்டியது அதற்கு இடப்பக்கம் உள்ள C நெடுவரிசையிலிருந்து. VLOOKUP-ஆல் இடப்பக்கம் பார்க்க முடியாது. அதனால் `HR` ஷீட்டில் F2-இல் இப்படி எழுத வேண்டும்:

```
=INDEX(PAY!$C$2:$C$214,MATCH(E2,PAY!$E$2:$E$214,0))
```

`MATCH` அந்த எண் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறது; `INDEX` சம்பள நெடுவரிசையில் அதே இடத்தில் உள்ளதை எடுத்துத் தருகிறது. கடைசியில் உள்ள 0, துல்லியமான பொருத்தம் வேண்டும் என்பதற்கு. மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு XLOOKUP உண்டு. அது எந்தப் பக்கமும் பார்க்கும். சொல்லாமலே துல்லியமான பொருத்தத்தைத்தான் தேடும். கிடைக்காதபோது என்ன காட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்:

```
=XLOOKUP(E2,PAY!$E$2:$E$214,PAY!$C$2:$C$214,"இல்லை")
```

எழுதவும் படிக்கவும் இதுதான் மேல். ஆனால் கோப்பு இன்னொரு அலுவலகத்துக்குப் போய் எக்செல் 2016-இல் திறக்கப்படும் என்றால் அங்கே XLOOKUP வேலை செய்யாது. அந்தச் சூழலில் INDEX, MATCH ஜோடியே பாதுகாப்பு.

பிழைச் செய்திகள் கண்ணை உறுத்துகின்றன என்று சிலர் ஃபார்முலாவை `IFERROR`-க்குள் அடைத்துவிடுகிறார்கள். அது எல்லா வகைப் பிழையையும் ஒரே மூடியால் மூடிவிடும். ஃபார்முலாவின் பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்திருந்தாலும், தேடும் நெடுவரிசையை யாராவது அழித்திருந்தாலும், 'இல்லை' என்றே வரும். `IFNA` போட்டால் கிடைக்காதவை மட்டும் மூடப்படும். மற்ற பிழைகள் வெளியே தெரியும்.

இப்படி ஓட்டியபோது 31 என்பது மூன்றாகச் சுருங்குகிறது: 0318, 0512, 0513. பொய்யான வேறுபாடு 28 கழிந்துபோய், உண்மையானது மூன்று மட்டும் நிற்கிறது.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். இது பாதி வேலை. இதுவரை `HR`-இல் உள்ளவர்களை `PAY`-இல் தேடினோம். `PAY`-இல் இருந்து `HR`-இல் இல்லாதவர்களை இந்தத் தேடல் ஒருபோதும் காட்டாது. வேலையை விட்டுப் போன பிறகும் சம்பளம் வாங்குகிறவர் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். அதனால் `PAY` ஷீட்டில் F2-இல் எதிர்த்திசைத் தேடல்:

```
=IF(ISNA(MATCH(E2,HR!$E$2:$E$213,0)),"HR-இல் இல்லை","")
```

இதிலும் மூன்று எண்கள் வருகின்றன: 0276, 0344, 0381. அடுத்து G2-இல் ஒரே எண் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு:

```
=COUNTIF($E$2:$E$214,E2)
```

0402 என்ற எண்ணுக்கு மட்டும் 2 என்று வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் 1. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவருக்குப் புது வரிசை சேர்த்தார்கள், பழையதை நீக்கவில்லை. அவர் கணக்குக்கு இரண்டு சம்பளம். தேடல் ஃபார்முலாக்கள் எதுவும் இதைக் காட்டியிருக்காது. காரணம், VLOOKUP ஆனாலும் MATCH ஆனாலும் XLOOKUP ஆனாலும், வழக்கமான முறையில் முதலில் கண்ட வரிசையோடு நின்றுவிடும். முதல் வரிசையின் தொகை சரியாக இருந்தால் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இரண்டாம் வரிசை அதன் கண்ணில் படவே படாது. எனவே எண் எத்தனை முறை வருகிறது என்பதைத் தேடலுக்கு முன்போ பின்போ தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு ஷீட்டிலும் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கை நேர் செய்யலாம். `HR`-இல் 212; அதில் 3 பேர் `PAY`-இல் இல்லை; மீதி 209. `PAY`-இல் 213 வரிசைகள், 3 பேர் `HR`-இல் இல்லை, ஒரு வரிசை இரட்டிப்பு, மீதி 209. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் எங்கோ ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது, அல்லது தேடும் பகுதி 214 வரை போகாமல் நின்றிருக்கிறது என்று பொருள். இந்தக் கூட்டல் கழித்தல் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் எந்தப் பட்டியலையும் மேலாளரிடம் கொடுக்கக் கூடாது.

அடுத்து, கிடைக்காத எண்களின் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் 0318, 0512, 0513. மறு பக்கம் 0276, 0344, 0381. ஃபார்முலாவுக்கு இவை ஆறு தனித்தனி வேறுபாடுகள். மனிதக் கண்ணுக்கு 0318-உம் 0381-உம் உடனே தட்டுப்படும். பெயரைப் பார்த்தால் ஒரே ஆள்; சம்பளப் பட்டியலில் எண்ணை அடிக்கும்போது கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. திருத்தினால் பொருந்தியவர்கள் 210 பேர் ஆகிறார்கள். 0512, 0513 இருவரும் இந்த மாதம் சேர்ந்தவர்கள். சம்பளப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. 0276, 0344 இருவரும் விலகியவர்கள். பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. முதலில் நிறுத்த வேண்டியது இந்த இருவரின் சம்பளத்தைத்தான்.

0381 என்ற எண் `HR`-இல் யாருக்கும் இல்லாததால் இந்தத் தவறு வெளியே வந்தது. அந்த எண்ணில் வேறொருவர் இருந்திருந்தால் தேடல் அமைதியாக அவரோடு பொருந்தியிருக்கும். அதற்காகத்தான், சம்பளத்தைக் கொண்டு வந்ததைப் போலவே `PAY`-இன் பெயரையும் ஒரு நெடுவரிசையில் கொண்டு வந்து, இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்து ஒரு முறை மேலிருந்து கீழே படித்துவிட வேண்டும். 200 பெயர் படிக்க அதிக நேரம் ஆகாது. இனிஷியல் முன்பின் இருப்பதைக் கண் மன்னித்துவிடும். ஆளே வேறு என்றால் நின்றுவிடும்.

இனி தொகை. D2-உம் F2-உம் சமமா என்று நேரடியாகக் கேட்டால் 210 பேரில் 41 பேருக்கு 'வேறு' என்று வருகிறது. இதிலும் பொய்யும் மெய்யும் கலந்திருக்கிறது. ஆண்டுச் சம்பளம் 2,50,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து `HR` ஷீட்டில் வைத்திருந்தால் உள்ளே இருப்பது 20833.3333 என்று நீளும். திரையில் 20,833 என்று தெரியும். `PAY`-இல் முழு ரூபாயாக 20833. எக்செலுக்கு இரண்டும் வேறு. ஒரு ரூபாய்க்குக் குறைவான வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் போதும்:

```
=IF(ABS(D2-F2)<1,"சரி","வேறு")
```

41 இப்போது 5 ஆகிறது. நான்கு பேருக்கு `HR`-இல் புதிய சம்பளம், `PAY`-இல் பழையது. இன்கிரிமென்ட் ஆணை கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்தாமவருக்கு `HR`-இல் 18,500, `PAY`-இல் 15,800. வித்தியாசம் 2,700. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர்களுக்குப் பழகிய சோதனை. 2,700 வகுபடுகிறது. 381-இலிருந்து 318-ஐக் கழித்தால் வரும் 63-உம் வகுபடுகிறது. வகுபடுவதாலேயே இலக்கம் மாறியதாக உறுதி சொல்ல முடியாது. ஆனால் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது. ஒருவருக்கு வித்தியாசம் அவருடைய முழுச் சம்பளமாகவே வந்தால், `PAY`-இல் அந்தச் செல் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிச் செல்லைத் தேடல் ஃபார்முலா பூஜ்யமாகத்தான் கொண்டு வரும்.

வங்கிக் கணக்கு எண்ணை ஒத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்; பிறகு எழுத்தாக மாற்றினாலும் திரும்பி வராது. தட்டச்சு செய்வதற்கு முன்பே நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அப்படி எழுத்தாகவே வைத்திருந்தாலும் `COUNTIF` நீண்ட எண்களை எண்ணாகவே எடுத்துக்கொண்டு, முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடும். ஊழியர் எண்ணுக்கு நம்பகமான அந்த ஃபார்முலாவை நீண்ட கணக்கு எண்ணுக்கு நம்பக் கூடாது. இரண்டு செல்லும் எழுத்தாக இருக்கும்போது சமக் குறியால் ஒப்பிடுவதே போதும்.

இரண்டு ஷீட்டும் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே ஃபார்முலா சொல்லும். எது சரி என்று அதற்குத் தெரியாது. 18,500-ஆ 15,800-ஆ என்பதை நியமன ஆணை சொல்ல வேண்டும். 0276-க்கு உரியவர் எந்தத் தேதியில் விலகினார் என்பதை அவருடைய விலகல் கடிதம் சொல்ல வேண்டும். இரண்டு ஷீட்டிலும் ஒரே தவறு ஏறியிருந்தால் அது இந்த முறையில் அகப்படவே அகப்படாது. கண்டுபிடித்த திருத்தங்களை ஒப்பிட எடுத்த எக்செல் பிரதியில் செய்து பயனில்லை. சம்பள மென்பொருளிலும் மனிதவளப் பதிவேட்டிலும் உரியவர்கள் திருத்த வேண்டும். திருத்திய பிறகு புதிதாக இரண்டு பட்டியலையும் எடுத்து, அதே ஃபார்முலாக்களை ஒரு முறை ஓட்டிப் பார்த்த பின்பே வங்கிக்குக் கோப்பை அனுப்புங்கள்.